ஜலதோஷ மாத்திரையும் அப்பாவின் பிரஷரும்: அட்டையின் பின்பக்கத்தில் தேட வேண்டிய பெயர்

"அண்ணா, ஜலதோஷத்துக்கு ஒரு அட்டை மாத்திரை குடுங்க. போன வாரம் நான் வாங்கிட்டுப் போனேனே, அதே."

"உங்களுக்காம்மா?"

"இல்ல, அப்பாவுக்கு. நேத்துலேருந்து மூக்கடைச்சுக்கிட்டு ராத்திரி தூங்கவே இல்ல."

"அப்பாவுக்கு என்ன வயசு? பிரஷர், சுகர் ஏதாவது இருக்கா?"

"அறுபத்தெட்டு. சுகர் இல்ல. பிரஷருக்கு ரொம்ப வருஷமா மாத்திரை சாப்பிடறார்."

கையில் எடுத்த அட்டையை மருந்தாளுநர் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிடுகிறார்.

நவம்பர் மழை நாள் ஒன்றில், மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருமுனை மருந்துக்கடையில் இந்தப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். கடையில் கூட்டம் இருந்தால் அந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்படாமலே மாத்திரை கைமாறிவிடும். மகளுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை அப்பாவுக்கு ஏன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

"ஜலதோஷ மாத்திரை" என்று தனியாக ஒரு மருந்து கிடையாது. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாக அழுத்தி, ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். நம் ஊரில் அதிகம் கிடைக்கும் கூட்டு இப்படி இருக்கும்: காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால் 500 மி.கி.; தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் குறைக்க குளோர்ஃபெனிரமின் 2 மி.கி.; மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் 10 மி.கி. சில தயாரிப்புகளில் தூக்கக் கலக்கத்தை ஈடுகட்டக் கொஞ்சம் காஃபீனும் சேர்ந்திருக்கும். பிரஷர் உள்ளவருக்கு முதல் சிக்கல் மூன்றாவது ஆளிடம்தான்.

"அதுல மூக்கடைப்புக்கு ஒரு மருந்து இருக்கும்மா. அது ரத்தக்குழாயைச் சுருக்கும். அப்பா சாப்பிடற பிரஷர் மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்தறதுக்காகக் குடுத்தது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து இழுக்கும்."

"மூக்குக்குக் குடுக்கற மருந்து ரத்தக்குழாய்கிட்ட ஏன் போகுது?"

நியாயமான கேள்வி. மூக்கடைப்பு என்றால் சளி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காமல் இருக்கிறதே, அப்போது அடைத்திருப்பது பெரும்பாலும் சளி இல்லை. மூக்கின் உள்சுவரில் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஜலதோஷக் கிருமி தொற்றியதும் அவை விரிந்து, ரத்தம் தேங்கி, உள்சுவரே வீங்கிவிடுகிறது. காற்று போகும் வழி அந்த வீக்கத்தால் குறுகிப்போகிறது. படுத்தால் அடைப்பு அதிகமாவதும், ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கத்து மூக்கு அடைப்பதும் இதனால்தான்.

ஃபினைலெஃப்ரினும் அதன் உறவுக்காரரான சூடோஎஃபெட்ரினும் அந்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்லும் மருந்துகள். குழாய் சுருங்கினால் வீக்கம் வடியும், மூக்கு திறக்கும் என்பது கணக்கு. ஆனால் மாத்திரையாக விழுங்கிய மருந்துக்கு மூக்கு எது, கை கால் எது என்று தெரியாது. ரத்தத்தில் கலந்து போகிற இடமெல்லாம் குழாய்களுக்கு அதே உத்தரவைத்தான் கொடுக்கும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நடுவில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், தண்ணீர் வரும் பக்கத்தில் அழுத்தம் ஏறுகிறது அல்லவா, அதேபோல் உடம்பின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கினால் இதயம் கூடுதல் அழுத்தத்தோடு ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். சூடோஎஃபெட்ரின் இதோடு நாடித்துடிப்பையும் கொஞ்சம் ஏற்றும்.

எவ்வளவு ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் பயம் வந்துவிடும். சூடோஎஃபெட்ரினை வைத்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிரஷரின் மேல் எண் சராசரியாக 1 புள்ளி அளவுக்குத்தான் ஏறியிருந்தது. ஒரே ஒரு மாத்திரையால் எல்லோருக்கும் ஆபத்து வந்துவிடுவதில்லை. ஆனால் சராசரி என்பது கொஞ்சமும் ஏறாதவரையும், நிறைய ஏறியவரையும் கூட்டி வகுத்த எண். பிரஷர் ஏற்கெனவே கட்டுக்குள் இல்லாதவர், இதய நோய் உள்ளவர், பக்கவாதம் வந்து மீண்டவர் ஆகியோருக்கு அந்த ஏற்றம் எவ்வளவாக இருக்கும் என்று கடையில் நின்று யாரும் கணிக்க முடியாது. அதனால்தான் இந்த மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்பில் உயர் ரத்த அழுத்தம் இடம்பெறுகிறது.

இங்கே இன்னொரு விஷயம், என் பார்வையில் இதுதான் முக்கியமானது. வாய்வழி சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலை செய்கிறதா என்பதே கேள்விக்குள்ளாகிவிட்டது. விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி குடல் சுவரிலேயே சிதைந்துபோகிறது. மூக்கு வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஆதாரங்களைப் பரிசீலித்து, வழக்கமான அளவில் வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று ஒருமனதாக வாக்களித்தது. 2024 நவம்பரில் அந்த அமைப்பே, சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளில் இதை மூக்கடைப்புக்காகச் சேர்ப்பதை நிறுத்தலாம் என்று முன்மொழிந்தது. ஆபத்து சிறியதாகவே இருக்கட்டும். பலன் இல்லாத ஒன்றுக்காக அறுபத்தெட்டு வயதுக்காரர் அந்தச் சிறிய ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்?

"சரிண்ணா, ஆனா எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்கே. எதுல அந்த மருந்து இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"முன்பக்கம் பார்க்காதீங்க. திருப்புங்க."

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். ஒரே பெயரின் பின்னால் ஓர் எழுத்தோ ஒரு சொல்லோ கூடினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறியிருக்கலாம். பெயரை நம்பி வாங்கினால் ஏமாறுவோம். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி தொடங்கும். அதன் கீழே மருந்துகளின் பெயரும் மி.கி. அளவும் வரிசையாக இருக்கும். எழுத்து தெரியவில்லை என்றால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் பி என்ற எழுத்தில் தொடங்கும் பெயர்களைத் தேடுங்கள். இரண்டாவது எழுத்து ஏ என்றால் அது பாராசிட்டமாலாக இருக்கும். பி, ஹெச், ஈ, என், ஒய், எல் என்று தொடங்கினால் ஃபினைலெஃப்ரின். பி, எஸ், ஈ, யூ, டி, ஓ என்று தொடங்கினால் சூடோஎஃபெட்ரின். பின்னிரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த அட்டை அப்பாவுக்கு வேண்டாம். பலரும் தவறுவது குளோர்ஃபெனிரமினில். அந்தப் பெயரின் நடுவிலும் 'ஃபென்' என்ற ஒலி வருவதால் அதைத்தான் மருந்தாளுநர் சொன்னார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சி என்ற எழுத்தில் தொடங்கும். பிரஷரை ஏற்றும் வகையும் இல்லை. ஆனாலும் வயதானவருக்கு அதில் வேறு தொல்லை உண்டு, அதற்கு வருகிறேன்.

உதிரியாக நாலு மாத்திரை வாங்கும்போது இந்த வாசிப்பு முடியாமல் போகிறது. கத்தரித்த துண்டில் பாதிப் பெயர்தான் இருக்கும், சில நேரம் வெறும் வெள்ளி நிறம் மட்டும்தான். அப்படி வாங்கினால், வெட்டுவதற்கு முன்பே முழு அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. நாலு நாள் கழித்து வீட்டில் யாராவது "இது எதுக்கு வாங்கின மாத்திரை?" என்று கேட்கும்போது அது உதவும்.

"ஐயோ, அண்ணா. எங்கிட்ட மீதி இருந்ததுல ஒண்ணு நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவுக்குக் குடுத்துட்டேன். காலைல பிரஷர் பார்த்தா நூத்து நாப்பத்தெட்டுக்கு எம்பத்தெட்டு. எப்பவும் நூத்து முப்பதுக்குப் பக்கத்துலதான் இருக்கும்."

"பயப்படாதீங்க. எழுந்ததும் பார்த்தீங்களா? காபி குடிச்சாரா?"

"காபி குடிச்சு அஞ்சு நிமிஷம் இருக்கும். இருமிக்கிட்டே இருந்தார்."

இந்த 148/88 எதனால் வந்தது என்று ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஃபினைலெஃப்ரினின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இரவு ஒன்பது மணி மாத்திரை காலை ஏழு மணிக்கு இவ்வளவு பேசுமா என்பது சந்தேகமே. தூக்கம் கெட்டது, காபி, இருமல் மூன்றும் தனித்தனியாகவே அந்த எண்ணை ஏற்றக்கூடியவை. அதனால் மருந்தாளுநர் சொல்வது எளிமையானது: இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டாம், சரியான முறையில் மறுபடி அளந்து பாருங்கள்.

சரியான முறை என்றால், காபி, டீ, புகை எதுவும் இல்லாமல் அரைமணி நேரம் கழிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் இப்படிப் பார்த்து, இரண்டு நாளாகியும் 140/90க்குக் கீழே வரவில்லை என்றால் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அந்தக் குறிப்போடு போகலாம்.

எண் ஏறியிருக்கிறது என்று பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுத்துவிடுவார்கள் சிலர். அதைச் செய்யவே கூடாது. ஜலதோஷ மருந்தின் வேகம் தானாக இறங்கும்போது, கூடுதல் பிரஷர் மாத்திரையும் வேலை செய்யத் தொடங்கி, வயதானவர் கழிவறைக்கு எழுந்திருக்கையில் தலைசுற்றி விழுந்துவிடலாம்.

"பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறார்னு தெரியுமா?"

அவள் செல்போனில் டாக்டர் சீட்டின் படத்தைக் காட்டுகிறாள். காலையில் டெல்மிசார்டான் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரை. இரவில் அம்லோடிபின் 5 மி.கி. இப்படி ஒரு படம் போனில் இருப்பது எவ்வளவு உதவி என்று சொல்லி முடியாது. "ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு ரோஸ் மாத்திரை" என்று சொன்னால் யாராலும் எதையும் கணிக்க முடியாது.

"நைட்ல யூரின் போக எழுந்திருப்பாரா? போறதுல சிரமம் ஏதாவது சொல்வாரா?"

"ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பார். வர்றதுக்கு நேரம் ஆகுதுன்னு சொல்வார்."

"அப்போ தூக்கம் வர்ற அந்த ரெண்டாவது மருந்தும் அவருக்கு வேண்டாம்."

முன்பு தள்ளிவைத்த குளோர்ஃபெனிரமின் இங்கேதான் வருகிறது. இந்த வயது ஆண்களுக்கு புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கியிருப்பது சாதாரணம். குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பை சுருங்கி வெளியேற்றும் பலத்தைக் குறைக்கும். ஃபினைலெஃப்ரின் போன்றவை சிறுநீர்ப்பையின் வாசலை இறுக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால், ஏற்கெனவே திணறுபவருக்குச் சிறுநீர் அடியோடு நின்று, ஆஸ்பத்திரியில் குழாய் போடும் நிலை வரலாம். அதோடு இந்த மருந்தால் வரும் தூக்கக் கலக்கத்தில் இரவு மூன்று முறை எழுந்து நடப்பதும் விழுவதற்கான வழி. பிரஷரைக் கேட்டு வந்த பேச்சு சிறுநீரில் போய் முடிகிறதே என்று தோன்றும், ஆனால் அனுபவமுள்ள மருந்தாளுநர் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்பார்.

"அப்போ எதுவுமே குடுக்கக் கூடாதா? அவர் மூச்சு விட முடியாம கஷ்டப்படறார்."

"குடுக்கலாம். எது தொந்தரவோ அதுக்கு மட்டும் குடுப்போம்."

அவருக்குப் பெரிய தொந்தரவு மூக்கடைப்பு. அதற்கு உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து. மருந்துக்கடையில் 0.65 சதவீதம் சோடியம் குளோரைடு என்று எழுதிய சிறிய பிளாஸ்டிக் பாட்டிலாகக் கிடைக்கும். தலையணையில்லாமல் மல்லாந்து படுத்துத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, பக்கத்துக்கு இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து மெதுவாகச் சிந்தினால் போதும். நாளைக்கு நாலைந்து முறை, கட்டாயமாகப் படுக்கப் போகும்முன் ஒருமுறை. உள்ளே காய்ந்திருக்கும் சளி இளகும், வீக்கமும் கொஞ்சம் ஆறும். ஒரு நொடியில் மூக்கைத் திறந்துவிடும் வேகம் இதற்கு இல்லை, அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். பாட்டிலின் முனை மூக்கில் படுவதால் ஒரு பாட்டிலை ஒருவர்தான் பயன்படுத்த வேண்டும்.

"உப்புன்னா பிரஷருக்கு ஆகாதே அண்ணா?"

கணக்கே போட்டுப் பார்க்கலாம். 0.65 சதவீதம் என்றால் ஒரு மில்லி தண்ணீரில் 6.5 மி.கி. உப்பு. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. இரண்டு பக்கமும் சேர்த்து நாலு சொட்டு விட்டால் அதில் உள்ள உப்பு ஒன்றே கால் மி.கி.தான் இருக்கும். நாளைக்கு ஐந்து முறை விட்டாலும் மொத்தம் 7 மி.கி.கூட வராது, அதிலும் பாதி கைக்குட்டைக்குப் போய்விடும். ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு 5 கிராமுக்குள், அதாவது 5000 மி.கி. இதைவிட ஒரு அப்பளத்தில் இருக்கும் உப்பைப் பற்றிக் கவலைப்படலாம்.

உப்பை நிஜமாகவே கவனிக்க வேண்டிய இடம் வேறு. தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கிக் கரையும் பாராசிட்டமால் மாத்திரைகள் உண்டு. அந்தப் பொங்கலுக்காகச் சேர்க்கும் சோடா உப்பால், பல தயாரிப்புகளில் ஒரு மாத்திரைக்கு 400 மி.கி. அளவுக்குச் சோடியம் இருக்கிறது. அது ஒரு கிராம் சமையல் உப்புக்குச் சமம். நாளைக்கு நாலு போட்டால் அன்றைய உப்பில் பெரும்பகுதி மாத்திரையிலேயே முடிந்துவிடும். பிரஷர் உள்ளவருக்குச் சாதாரணமாக விழுங்கும் வெள்ளை மாத்திரைதான் ஏற்றது.

உடம்பு வலியோ காய்ச்சலோ இருந்தால் அந்தச் சாதாரண பாராசிட்டமால் 500 மி.கி. கொடுக்கலாம். ஒன்று போட்டால் அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம், வலி இல்லாத வேளையில் போடத் தேவையில்லை. 2022ல் எடின்பரோவில் நடந்த ஆய்வு ஒன்றில், பிரஷர் உள்ளவர்களுக்கு தினமும் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் பாராசிட்டமால் கொடுத்தபோது மேல் எண் சுமார் 5 புள்ளி ஏறியிருந்தது. இரண்டு மூன்று நாள், அதில் பாதி அளவு என்பது அந்த நிலைமையோடு ஒப்பிடக்கூடியது அல்ல. ஆனால் "சும்மா ஒண்ணு போட்டுக்கறேன்" என்று மாதக்கணக்கில் தினமும் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவரும் தினமும் குடிப்பவரும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"மூக்குல அடிச்சா உடனே திறக்குமே, ஒரு ஸ்ப்ரே, அது?"

ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்ற பெயர்களில் வருபவை அவை. நிஜமாகவே மூக்கைத் திறக்கும். ஆனால் அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்கும் வகைதான். மாத்திரையைவிட உடம்புக்குள் போவது குறைவு என்றாலும், பிரஷர் ஏறியிருக்கும் இந்த நிலையில் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பிரஷர் இல்லாதவர்களும் மூன்று நாளுக்கு மேல் தொடரக் கூடாது. தொடர்ந்து அடித்தால், மருந்தின் வேகம் தீரும்போதெல்லாம் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிந்து மூக்கு மறுபடி அடைக்கும், மறுபடி அடிப்பார்கள். ஜலதோஷம் போய் ஒரு மாதம் ஆன பிறகும் ஸ்ப்ரே பாட்டிலோடு இருப்பவர்களுடைய அடைப்பு பெரும்பாலும் ஸ்ப்ரே உண்டாக்கியதே.

ஆவி பிடிப்பதில் தடை இல்லை. கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைக்காமல் மேசைமேல் வைத்துப் பிடிக்க வேண்டும், வெந்நீர் கொட்டிக்கொள்வதுதான் அதில் உள்ள ஆபத்து.

"உடம்பு வலின்னு கேட்டா எங்க வீட்ல ஐப்யூப்ரோஃபென் இருக்கு. அது குடுக்கலாமா?"

"அது கூடவே கூடாதும்மா. அப்பா சாப்பிடற மாத்திரைகளோட அது சேரவே சேராது."

இவருடைய சீட்டைப் பார்த்த பிறகு இந்தப் பதில் அழுத்தமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷர் மருந்தின் பலனைக் குறைக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சிறுநீரகம். அதற்குள் ரத்தம் வரும் வழியை இந்த வலி மாத்திரை சுருக்குகிறது. டெல்மிசார்டான் ரத்தம் வெளியேறும் வழியைத் தளர்த்தி, உள்ளே வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பில் சுற்றும் நீரையே குறைக்கிறது. தனித்தனியாகத் தாங்கிக்கொள்ளும் சிறுநீரகம், மூன்றும் ஒரே நேரத்தில் வரும்போது வடிகட்ட முடியாமல் போகலாம். ஜலதோஷத்தில் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் படுத்திருக்கும் வயதானவருக்கு இந்த வாய்ப்பு இன்னும் கூடும். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்தால் டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகமும் இருக்கிறது, டெங்குவில் இந்த வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். ஜலதோஷ மாத்திரைகளிலேயே சிலவற்றில் பாராசிட்டமாலுக்குப் பக்கத்தில் இவை ஒளிந்திருப்பதும் உண்டு. பின்பக்கத்தைப் படிக்கும்போது இவற்றையும் பாருங்கள்.

"அம்மா கஷாயம் போட்டுக் குடுக்கறாங்க. சித்தரத்தை, திப்பிலி, மிளகு, அதிமதுரம். அது பரவாயில்லையா?"

"அதிமதுரத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க."

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வேர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் வேலை செய்வதுபோன்ற விளைவை உண்டாக்குகிறது. உடம்பில் உப்பும் நீரும் தங்கி பிரஷர் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். இவர் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தை வெளியேற்றும் மருந்துதான். இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் அதிகமாகக் குறைந்தால் தசை பலவீனமும் இதயத்துடிப்பில் தடுமாற்றமும் வரலாம். ஒரு நாள் ஒரு டம்ளரில் இது நடந்துவிடாது. ஆனால் "இருமலுக்கு நல்லது" என்று வாரக்கணக்கில் தினமும் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. மிளகு ரசமும் வெந்நீரும் தாராளமாகக் கொடுக்கலாம்.

எப்போது மருந்துக்கடையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் மருந்தாளுநர் சொல்லி அனுப்புகிறார். பிரஷர் 180/120 அல்லது அதற்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டர். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் பிரஷர் எவ்வளவாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். தும்மலும் நீராக ஒழுகுவதும் நிற்காமல் தொடர்ந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம், அதற்கான மாத்திரையை சிறுநீர்த் தொந்தரவையும் சொல்லி டாக்டரிடமே எழுதி வாங்குவது நல்லது.

"பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. ஜலதோஷ மருந்தோட சேராதுன்னு சொன்னேன்ல, அதுக்காக இதை விட்டுட்டு அதைக் குடுக்கறவங்களும் இருக்காங்க. வாந்தி பேதின்னு ஏதாவது ஆச்சுன்னா மட்டும் காலை மாத்திரையைப் பத்தி டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கோங்க."

"சரிண்ணா. எங்கிட்ட மீதி இருக்கற அந்த ஜலதோஷ அட்டையை என்ன பண்றது? தூக்கிப் போட்டுடவா?"

"தூக்கிப் போட வேண்டாம், உங்களுக்கு ஆகும். மேல உங்க பேரை மார்க்கர்ல எழுதுங்க. அப்பா பிரஷர் மாத்திரை வைக்கற டப்பாவுல வைக்காம வேற இடத்துல வைங்க."

உப்புநீர்ச் சொட்டு ஒரு பாட்டில், பாராசிட்டமால் ஒரு அட்டை. பாராசிட்டமால் கவரின் மேல் "ஆறு மணி நேரம், நாலுக்கு மேல் வேண்டாம்" என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறார்.